கேம் ஸ்ட்ரீமிங்: அப்லோடு வேகம்தான் முதல் கணக்கு

இணைய இணைப்பு வாங்கும்போது பலரும் விசாரிப்பது டவுன்லோடு வேகத்தைத்தான். தான் ஆடும் வீடியோ கேமை யூடியூபிலோ ட்விட்சிலோ நேரலையாகக் காட்ட நினைப்பவருக்கு அந்த எண் அவ்வளவாக உதவாது. அவர் வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம், அதாவது அப்லோடு, எவ்வளவு என்பதே படத்தின் தரத்தை முடிவு செய்கிறது. ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலும் இரண்டும் சமமாக இருக்கும். கேபிள், செல்போன் இணைப்புகளில் அப்லோடு மிகவும் குறைவாக இருப்பதுண்டு.

1080p படத்தின் ஒரு ஃபிரேமில் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 ஃபிரேம் வீதம் அதைச் சுருக்காமல் அனுப்பினால் ஏறத்தாழ 3,000 எம்பிபிஎஸ் தேவைப்படும். ட்விட்ச் இதே படத்துக்குப் பரிந்துரைப்பதோ 6 எம்பிபிஎஸ். ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கும் இந்த வேலையைச் செய்வது என்கோடர். நொடிக்கு எவ்வளவு தரவுக்குள் அது படத்தை அடக்க வேண்டும் என்று நாம் வைக்கும் வரம்புதான் பிட்ரேட்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பிற்பகலில் சோதித்தால் அப்லோடு 8 எம்பிபிஎஸ் காட்டுகிறது. இரவு எட்டு மணிக்கு, தெருவே இணையத்தில் இருக்கும்போது, 6-க்கு இறங்குகிறது. கணக்குக்கு எடுக்க வேண்டியது இந்த 6-ஐத்தான். அதையும் முழுக்கச் செலவழிக்கக் கூடாது. ஆன்லைன் விளையாட்டுக்கே கொஞ்சம் அப்லோடு வேண்டும். வீட்டில் யாருடைய போனாவது திடீரென்று புகைப்படங்களை கூகுளுக்கு ஏற்றத் தொடங்கலாம். ஆகவே முக்கால் பங்கு, அதாவது 4.5 எம்பிபிஎஸ். ஓபிஎஸ் மென்பொருளில் இதை 4500 என்று எழுத வேண்டும்.

புதியவர்கள் பலர் இந்த 4500-ஐ வைத்துக்கொண்டு 1080p-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். 720p-ஐவிட அதில் இரண்டேகால் மடங்கு புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் தரவு அந்த அளவுக்குக் குறைகிறது. சதுரங்கம் போல அசைவு குறைந்த ஆட்டத்தில் இது தெரியாது. புல்வெளியில் ஓடிக்கொண்டே சுடும் ஆட்டத்தில், கேமரா சட்டென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் படம் கட்டம் கட்டமாக உடையும். இந்த வீட்டுக்கு 720p, 60 ஃபிரேம் என்பதே சரியான தேர்வு. பார்க்கிறவர்களுக்கும் அது நல்லது. யூடியூப் ஒரே நேரலையைப் பல தரங்களில் மாற்றித் தருகிறது. ட்விட்சில் சிறிய சேனல்களுக்கு அந்த வசதி எப்போதும் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது, மொபைல் டேட்டாவில் பார்ப்பவரும் முழு பிட்ரேட்டையே இறக்க வேண்டும். 4500 என்றால் மணிக்கு 2 ஜிபி.

படம்பிடிக்கும் ஏற்பாடு இவ்வளவு கணக்குக் கேட்பதில்லை. ஓபிஎஸ் இலவசம். கணினி விளையாட்டுக்கு அதில் Game Capture என்ற மூலத்தைச் சேர்த்தால் போதும். திரை முழுவதையும் காட்டும் Display Capture-ஐப் போல வாட்ஸ்அப் செய்தியெல்லாம் பார்வையாளர் முன் வந்து நிற்காது. பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களுக்கு கேப்சர் கார்டு வேண்டும். கன்சோலின் எச்டிஎம்ஐ கேபிளை அதில் செருகி, இன்னொரு கேபிளை டிவிக்குக் கொடுத்தால், ஆடுகிறவர் தாமதமில்லாமல் டிவியில் பார்த்தே ஆடலாம். ஓபிஎஸ்ஸில் கறுப்புத் திரை மட்டும் தெரிந்தால் கார்டைக் குறை சொல்வதற்கு முன் பிளேஸ்டேஷன் செட்டிங்ஸில் HDCP-ஐ அணைத்துப் பார்க்க வேண்டும்.

நேரலை திக்கித் திக்கி ஓடினால் உடனே பிட்ரேட்டைக் குறைப்பது பலரின் வழக்கம். அதற்கு முன் ஓபிஎஸ்ஸின் Stats பலகையைத் திறக்க வேண்டும். நோயின் இடம் அங்கே எழுதியிருக்கிறது. "Dropped Frames (Network)" ஏறினால் இணைப்பு தாங்கவில்லை என்று பொருள். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறலாம். அப்போதும் ஏறினால் பிட்ரேட்டைக் குறைக்கலாம். "encoding lag" ஏறினால் என்கோடருக்கு நேரம் போதவில்லை. என்விடியா கார்டு உள்ளவர்கள் x264-ஐ விட்டு NVENC-க்கு மாறினால் பிராசசரின் சுமை குறையும். "rendering lag" ஏறினால் விளையாட்டே கிராபிக்ஸ் கார்டு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. விளையாட்டின் ஃபிரேம் வேகத்துக்கு 60 என்று உச்சவரம்பு வைப்பது பலன் தரும். இந்தக் கடைசி இரண்டுக்கும் பிட்ரேட்டைக் குறைப்பதால் பயனில்லை, படம்தான் கெடும்.

சில நொடிகளில் முடியும் வேகச் சோதனையை நம்பி முதல் நேரலையை அறிவிக்க வேண்டாம். வழக்கமாக ஆடப்போகும் அதே நேரத்தில், யூடியூபில் Unlisted என்று வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். புதிய சேனலில் நேரலை வசதியைத் திறக்க யூடியூப் 24 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்தப் பொத்தானை முந்தைய நாளே அழுத்திவிடுங்கள்.