சேமிப்பைச் சொல்ல வேண்டியது மீட்டர்

கோவை வட்டாரத்தில் நூற்பாலைகளுக்கு இயந்திரமும் மின்சாதனமும் செய்து கொடுக்கும் சிறு நிறுவனங்கள் ஏராளம். ஒரு வேலை முடிந்ததும் அதை ‘கேஸ் ஸ்டடி’யாக எழுதி அடுத்த வாடிக்கையாளரிடம் காட்ட எல்லோருக்கும் ஆசை. ஆனால் அவற்றில் பலவும், “எங்கள் கருவியால் மில்லுக்கு நல்ல மின்சேமிப்பு கிடைத்தது” என்ற ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. எவ்வளவு, எதோடு ஒப்பிட்டு, எத்தனை நாள் பார்த்து என்று மில்காரர் கேட்டால் பதில் இருக்காது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக எண்களை நானே வைத்திருக்கிறேன். ஒரு மில்லின் ஸ்பின்னிங் பகுதியில் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் இருக்கிறது. அதன் ஃபேன்கள் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஈரப்பதத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்க நிறுவனம் டிரைவ் பொருத்திக் கொடுத்தது. ஃபேனின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்செலவு ஏறக்குறைய பாதியாகும் என்பது கணக்கு. விற்பனையாளர் அந்தப் ‘பாதி’யை அப்படியே எழுதிவிட நினைப்பார். நாள் முழுக்க அந்த வேகத்தில் ஓட்ட முடியாதே! எழுத வேண்டியது மீட்டரில் வந்த எண்ணைத்தான்.

இங்கேதான் சிக்கல். வேலை தொடங்குமுன் ஃபேன்களுக்கென்று தனி மீட்டர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இருப்பது மொத்த மின்கட்டண ரசீது மட்டும். மே மாத ரசீதையும் நவம்பர் ரசீதையும் பக்கத்தில் வைத்தால் சேமிப்பு பிரமாதமாகத் தெரியும். அதில் எவ்வளவு டிரைவால் வந்தது, எவ்வளவு மழைக்காலத்தால் வந்தது என்று பிரிக்க வழியில்லை. இடையில் சில ரிங் ஃபிரேம்கள் நின்றிருந்தால் அந்தக் குறைவும் கருவியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

முடிந்த வேலையிலும் இதைச் சரிசெய்யலாம். டிரைவ் பேனலில் பைபாஸ் வசதி இருந்தால் ஒரு நாள் பைபாஸில் பழையபடி முழு வேகத்திலும், மறுநாள் டிரைவிலுமாக இரண்டு வாரம் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் மீட்டரைப் படித்து, அன்றைய நூல் உற்பத்தி, நூலின் கவுன்ட், வெளி வெப்பநிலை, உள்ளே ஈரப்பதம் ஆகியவற்றைச் சேர்த்துக் குறிக்க வேண்டும். பைபாஸ் நாட்களில் சராசரி 1,240 யூனிட், டிரைவ் நாட்களில் 930 என்று வந்தால் குறைவு 310 யூனிட், அதாவது 25 சதவீதம். இரு வகை நாட்களிலும் உற்பத்தி சராசரி 6,200 கிலோ என்றால், ஒரு கிலோ நூலுக்கு ஃபேன்கள் தின்றது 0.20 யூனிட்டிலிருந்து 0.15 ஆகியிருக்கிறது. மில்காரர் பேசுவது இந்த ‘கிலோவுக்கு எத்தனை யூனிட்’ கணக்கில்தான். அவருக்கு இது சட்டென்று பிடிபடும்.

அந்த 310-ஐ ஓராண்டு நாட்களால் பெருக்கி லட்சங்களில் எழுதக் கை துறுதுறுக்கும். கூடாது. அளந்தது கோடையின் இரண்டு வாரம். குளிர்ந்த மாதங்களில் டிரைவ் இல்லாமலேயே ஆப்பரேட்டர் சில ஃபேன்களை நிறுத்தி வைப்பது உண்டு. அப்போது ஒப்பீடே வேறு. எந்த மாதம், எத்தனை நாள் அளந்தது என்று எழுதிவிட்டு, ஆண்டுக் கணக்கை ஆண்டு முடிந்த பிறகு சேர்க்கலாம்.

ஈரப்பதத்தின் எண்ணை விட்டுவிடக் கூடாது. ஃபேனை மெதுவாக்கி மின்சாரம் மிச்சம்பிடித்து, உள்ளே காற்று வறண்டு நூல் அதிகமாக அறுந்தால் அது சேமிப்பே அல்ல. இரு வகை நாட்களிலும் ஈரப்பதமும் நூல் அறுபடும் எண்ணிக்கையும் மாறவில்லை என்று காட்டும் ஒரு வரி, 25 சதவீதத்தைவிட மில் மேனேஜரை நம்பவைக்கும்.

அடுத்தது மில்லின் சம்மதம். மெயின்டனன்ஸ் மேனேஜர், “தாராளமா போடுங்க சார்” என்று போனில் சொன்னது போதாது. மில்லின் பெயரை வெளியிட அனுமதி தர வேண்டியவர் உரிமையாளர் அல்லது நிர்வாக இயக்குநர். அவருக்கு முழுக் கட்டுரையையும், எண்களும் படங்களும் அச்சில் வரப்போகும் வடிவிலேயே அனுப்ப வேண்டும். பெயர், லோகோ, எண்கள், மேனேஜர் சொன்னதாக வரும் வாசகம் ஆகிய நான்குக்கும் தனித்தனியாக ஒப்புதல் கேட்பது நல்லது. இணையதளத்துக்கு மட்டுமா, கண்காட்சி அரங்கிலும் வைக்கலாமா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

பெரும்பாலும் தயக்கம் வருவது உற்பத்தி எண்ணில்தான். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஓடுகிறது என்று போட்டி மில்லுக்கோ நூல் வாங்குபவருக்கோ தெரிய அவர் விரும்பமாட்டார். அந்தத் தயக்கம் நியாயமானது. 6,200 கிலோவையும் மொத்த யூனிட்டையும் எடுத்துவிட்டு, 0.20, 0.15, 25 சதவீதம் ஆகியவற்றை மட்டும் வைத்தாலும் கட்டுரை நிற்கும். பெயரே வேண்டாம் என்றால் ‘கோவை அருகே ஒரு நூற்பாலை’ போதும். அளந்த விதம் தெளிவாக இருந்தால் பெயர் இல்லாமலும் அதைப் படித்து நம்புவார்கள்.

ஒப்புதல் வந்தபின் விற்பனைப் பிரிவு தலைப்பில் ‘25 சதவீதம் வரை’ என்பதை ‘25 சதவீதத்துக்கு மேல்’ என்று மாற்றினால்கூட, அந்தப் பக்கம் மறுபடி மில்லுக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்ப வேண்டும்.