பச்சைத் துணி போன பிறகும் போகாத பச்சை

பேட்டி கொடுப்பவருக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டிப் படம் எடுத்து, பிறகு அந்தப் பச்சையை நீக்கி வேறு பின்னணி வைப்பதைப் படத்தொகுப்பாளர்கள் கீயிங் என்கிறார்கள். கேட்க மந்திரம் போல இருந்தாலும் அடிப்படையில் அது ஒரு கழித்தல் கணக்குதான். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கும். சாதாரண வீடியோவில் அவை 0 முதல் 255 வரை போகும். பச்சையின் எண்ணிலிருந்து, மற்ற இரண்டில் எது பெரியதோ அதைக் கழிக்க வேண்டும். மிச்சம் நிறைய நின்றால் அது துணி. ஒன்றும் நிற்காவிட்டால் அது ஆள். மாநிறமோ, கறுப்போ, வெளுப்போ, மனிதத் தோலில் எப்போதும் பச்சையைவிடச் சிவப்புதான் தூக்கலாக இருக்கும். கழித்தால் மிச்சம் நிற்காது. துணிக்குப் பச்சையைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

துணி முழுவதும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் இந்தக் கணக்கு பிசகாது. சின்ன அறையில் எடுக்கும் பேட்டிகளில் அப்படி விழுவது அபூர்வம். துணியின் இடது ஓரத்திலிருந்து ஒரு மீட்டரில் ஒரே ஒரு விளக்கு நிற்கிறது, வலது ஓரம் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், வலப்பக்கம் விழும் வெளிச்சம் ஏறத்தாழ கால் பங்குதான். நேரில் பார்க்கும்போது இது உறுத்தாது. கண் தானே சரிக்கட்டிக்கொள்ளும், மென்பொருள் சரிக்கட்டாது.

ஒரு காட்சியை எண்களில் பார்க்கலாம். இடப்பக்கத் துணி 90, 200, 85 என்று சிவப்பு, பச்சை, நீல வரிசையில் பதிவாகியிருக்கிறது. கழித்தால் 110. இருட்டான வலப்பக்கம் 45, 120, 50, கழித்தால் 70. இடப்பக்கத்தைத் தொட்டு நிறம் எடுத்தால், 110 மிச்சம் வந்தால்தான் முழுத் துணி என்று மென்பொருள் கொள்ளும். வலப்பக்கம் வெறும் 70 தருவதால் அங்கே துணி முழுதாக நீங்காமல், 36 சதவீதம் தங்கிவிடும். புதுப் பின்னணியின் மேல் அழுக்குப் புகை படிந்தது போலத் தெரிவது இதுதான்.

புகையைக் கண்டதும் பலரும் செய்வது, அடிமட்ட அளவைத் திருகி 36 சதவீதத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் பூஜ்யமாக்குவது. புகை மறையும். ஆனால் விலை இடப்பக்கத்தில் கொடுக்கப்படுகிறது. ஒரு முடி ஒரு புள்ளியின் பாதியை மறைத்தால் அந்தப் புள்ளி பாதி முடி, பாதி துணி. நன்றாக வெளிச்சம் விழுந்த இடப்பக்கத்தில் அதற்குச் சுமார் 55 சதவீதம் என்று சரியான மதிப்பே கிடைத்திருந்தது. திருகிய பிறகு அது 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். அதைவிட மெல்லிய முடி அடியோடு போய்விடும். தலையின் ஒரு பக்கம் இயல்பாகவும் மறுபக்கம் கத்தரியால் வெட்டி ஒட்டியது போலவும் தெரிகிற பேட்டிகள் இப்படித்தான் பிறக்கின்றன. கோளாறு வலப்பக்கம், சேதம் இடப்பக்கம் என்பதால் காரணத்தைத் தேடுபவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

துணி முழுவதற்கும் ஒரே பச்சை என்று கொள்வதை விட்டு, அந்தந்த இடத்துக்கு அந்தந்தப் பச்சையோடு ஒப்பிட்டால் புகையே வராது. இடப்பக்கத்தை 110 கொண்டும் வலப்பக்கத்தை 70 கொண்டும் வகுத்தால் இரண்டு பக்கமும் துணி முழுதாக நீங்கும். முடியைத் தொட வேண்டியதில்லை. இதற்கு ஆள் இல்லாத வெறும் துணியின் படம் வேண்டும். இதை கிளீன் பிளேட் என்கிறார்கள்.

பேட்டி தொடங்குமுன் நாற்காலி காலியாக இருக்கும்போதே பத்து விநாடி எடுத்துவைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் ஆள் வந்து உட்கார்ந்ததும் அவர் நிழல் துணியில் விழுகிறது. காலித் துணியின் படத்தில் அது கிடையாது. கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்தாமல் விட்டிருந்தால் இரண்டு படங்களின் வெளிச்சமும் பொருந்தாது. எனவே பேட்டிக் காட்சியிலிருந்தே கிளீன் பிளேட்டைத் தயாரிப்பது பெரும்பாலும் நம்பகமானது. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் ஃபியூஷன் பகுதியில் இதற்கென்றே `Clean Plate` என்ற கருவி உண்டு. முதலில் துணி முடியும் இடங்கள், விளக்குக் கம்பம், சுவர் ஆகியவற்றை ஆளைச் சுற்றி ஒரு தளர்வான கோடு வரைந்து வெளியே தள்ளிவிட வேண்டும். பிறகு துணியின் நிறத்தைக் காட்டினால் கருவி ஆளை நீக்கி ஓட்டை போடும். `Erode` அளவைக் கொஞ்சம் கூட்டி, முடியும் ஓரமும் மிச்சமில்லாமல் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். `Grow Edges` சுற்றியுள்ள பச்சையை உள்ளே படரவிடும். `Fill` மீதியை நிரப்பும். உடலின் நடுவில் நிரப்பப்படுவது வெறும் ஊகம்தான் என்றாலும் பாதகமில்லை. ஓரத்தில் பச்சை சரியாக இருந்தால் போதும். இந்தப் படத்தை `Delta Keyer` கருவியோடு இணைத்ததும் மேலே சொன்ன கணக்கு நடக்கிறது.

கன்னத்தில், காதுமடலில், தோளில் ஒட்டியிருக்கும் பச்சை வேறு சங்கதி. துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி ஆளின்மேல் விழுவதால் வருவது அது, ஸ்பில் என்பார்கள். நாற்காலி துணிக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு அதிகம். துணியை நீக்கும் அளவுகளைத் திருகி இதைப் போக்க முயன்றால் கன்னமே கரையும். நீக்குவது ஒரு வேலை, ஸ்பில்லைத் துடைப்பது இன்னொரு வேலை.

துடைக்கும் விதி எளிது: பச்சை, சிவப்பு நீலம் இரண்டின் சராசரியைத் தாண்டக் கூடாது. கன்னத்தின் ஓரப் புள்ளி 150, 160, 105 என்று இருந்தால் சராசரி சுமார் 127. பச்சையை அங்கே இறக்கியதும் தோல் நிறம் திரும்பிவிடுகிறது. முகத்தின் நடுவில் 200, 150, 120 என்ற புள்ளிக்குச் சராசரி 160. பச்சை ஏற்கெனவே அதற்குக் கீழே இருப்பதால் விதி அதைத் தொடாது. `Delta Keyer` கருவியில் `Fringe` பக்கத்தில் துடைப்பின் தீவிரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். `Rare`, `Medium`, `Well Done`, `Burnt` என்று இறைச்சி வாட்டும் பதங்களையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். கடைசிப் பெயரே எச்சரிக்கை. பச்சையை இறக்கினால் வெளிச்சமும் குறையும். அளவு மிஞ்சினால் ஓரம் கருத்து, ஆளைச் சுற்றிக் கரிக்கோடு போட்டது போலாகும். எடுத்த வெளிச்சத்தின் அளவுக்குப் புதுப் பின்னணியின் நிறத்தை அந்த ஓரத்தில் சேர்த்தால் கோடு மறையும்.

இந்த விதி தோற்கும் இடம் மஞ்சள். மஞ்சள் புடவை 220, 200, 60 என்று இருந்தால் சராசரி 140. பச்சை 200-லிருந்து 140-க்கு இறங்க, மஞ்சள் புடவை காவியாகிவிடும். அப்போது புடவைப் பகுதியைத் தனியே கோடு போட்டுப் பிரித்து, அங்கே பச்சை சிவப்பைத் தாண்டக் கூடாது என்ற தளர்ந்த விதியை வைக்க வேண்டும். புடவையின் 200, 220-க்குக் கீழேதான் இருப்பதால் அப்படியே நிற்கும். ஆனால் அதே விதியைக் கன்னத்தில் வைத்தால் 150, 150, 105 வரும், அது காமாலை கண்ட நிறம். அதனால்தான் முகத்துக்கு ஒன்று, புடவைக்கு ஒன்று என்று இரண்டு விதிகளையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓரம் சரியாக வந்ததா என்பதை நின்ற படத்தில் பார்த்து முடிவு செய்ய முடியாது. சாம்பல் பின்னணி வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கேமராவின் இரைச்சல் முடியோரத்தில் எறும்பு ஊர்வது போலத் துடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். சாதாரணக் கேமராக்கள் இடத்தை மிச்சப்படுத்த, நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல் என்ற கணக்கில்தான் பதிவு செய்கின்றன. அதனால் வரும் படிக்கட்டு ஓரத்தை மென்மையாக்கி மறைக்கலாமே தவிர, பதிவாகாத முடியை எந்தக் கருவியாலும் திரும்ப எடுக்க முடியாது.