பில் போடும் நேரத்தில் வரும் வாரன்டி

25,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்குப் பில் போடும்போது, “இன்னும் 2,500 கட்டினா ரெண்டு வருஷம் கூடுதல் வாரன்டி சார். கம்ப்ரசர் போனா பெரிய செலவு!” என்கிறார் விற்பனையாளர்.

அந்தக் கம்ப்ரசருக்குப் பல நிறுவனங்கள் ஏற்கெனவே 10 ஆண்டு வாரன்டி தருகின்றன. பெரும்பாலும் கேஸ் நிரப்பவும் கூலிக்கும் மட்டும் தனியே பணம் கட்ட வேண்டியிருக்கும். கூடுதல் வாரன்டியோ, பொதுவாக முதலாண்டு முடிந்த பிறகே தொடங்கும். உடைந்த தட்டுகள் அதில் சேராது. எஞ்சுவது சர்க்யூட் போர்டு, விசிறி மோட்டார் போன்றவை. அவற்றுக்கு 2,500 தகுமா என்பதே கணக்கு.

“வேண்டாம் தம்பி, ஃபிரிட்ஜுக்கு மட்டும் பில் போடுங்க” என்றால் போதும். ஒன்றை வாங்கினால்தான் மற்றொன்று என்று கடை கட்டாயப்படுத்தினால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் செய்யலாம்.

பணம் கட்டுமுன் பில்லை வரிவரியாகப் பார்ப்பது நல்லது. கேட்காத வாரன்டி ஏறியிருந்தால், அங்கேயே நீக்கச் சொல்லலாம்.