பாட்டி அனுப்பும் ‘இத்தா’க்கள்

“புவேனாஸ் நோச்செஸ், மிஹீத்தா. தோமாத்தே து லெச்சீத்தா, லாவாத்தே லோஸ் தியெந்தீத்தோஸ். பெஸீத்தோஸ், து அபுவெலீத்தா.”

மெக்சிகோவில் ஒரு பாட்டி படுக்கும் நேரத்தில் பேத்திக்குச் செய்தி அனுப்பினால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ‘இனிய இரவு, என் செல்ல மகளே. பாலைக் குடி, பல்லைத் தேய். முத்தங்களுடன் உன் பாட்டி’ என்பது பொருள்.

ஸ்பானிய மொழியில் பால் ‘லெச்சே’, பல் ‘தியெந்தே’, முத்தம் ‘பெஸோ’, பாட்டி ‘அபுவேலா’. ‘இத்தோ’ அல்லது ‘இத்தா’ என்ற விகுதி சேர்ந்ததும் இவை செல்லச் சொற்களாகிவிடுகின்றன. இலக்கண நூல்கள் இதைச் சிறுமை விகுதி என்கின்றன. ஆனால் இங்கே சிறுத்துப்போனது எதுவும் இல்லை. டம்ளர் நிறையப் பால் இருந்தாலும் அது ‘லெச்சீத்தா’தான், எழுபது வயதுப் பாட்டியும் ‘அபுவெலீத்தா’தான்.

அந்தச் செய்தியில் ‘குடி’, ‘தேய்’ என்று இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. வினைச்சொற்கள் மாறவே இல்லை. குடிக்க வேண்டிய பாலும் தேய்க்க வேண்டிய பல்லும்தான் விகுதியை ஏற்றிருக்கின்றன. கட்டளையின் கடுமையைப் பக்கத்திலிருக்கும் பெயர்ச்சொல் தணித்துவிடுகிறது.

சொல் எந்த ஒலியில் முடிகிறது என்பதைப் பொறுத்து விகுதியும் மாறும். வீடு என்னும் ‘காஸா’ எளிதாகக் ‘காஸீத்தா’ ஆகும். இதயமான ‘கொராஸோன்’ ன் ஒலியில் முடிவதால் ‘கொராஸோன்சீத்தோ’ ஆகும். கொலம்பியாவில் பூனைக்குட்டி ‘காத்தீத்தோ’ அல்ல, ‘காத்தீக்கோ’. கோஸ்டா ரிகாவிலும் இந்த ‘இக்கோ’ பெருவழக்கு. அந்நாட்டவருக்கு ‘தீக்கோஸ்’ என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது.

போர்ச்சுகீசியம் பேசும் பிரேசிலில் இதே வேலையை ‘இஞ்ஞு’, ‘இஞ்ஞா’ செய்கின்றன. முத்தமான ‘பெய்ஜு’, ‘பெய்ஜீஞ்ஞு’ ஆகிறது. பெயர்ச்சொல்லோடு இது நிற்பதில்லை. சீக்கிரம் என்னும் ‘செது’வும் ‘செதீஞ்ஞு’ ஆகும். ‘நாளை செதீஞ்ஞு எழுந்திரு’ என்று தாய் எழுதினால், நல்ல விடியற்காலையில் எழ வேண்டும். அங்கே விகுதி பொருளை அழுத்திச் சொல்கிறது.

இந்த மொழிகளைப் புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடங்களும் உண்டு. சட்டை ‘கமீஸா’ என்பதால் குழந்தையின் சட்டையைக் ‘கமிஸீஞ்ஞா’ என்று எழுதத் தோன்றும். ஆனால் பிரேசிலில் அது ஆணுறையைக் குறிக்கும் அன்றாடச் சொல். மெக்சிகோவின் ‘அஓரீத்தா’ இன்னொரு வகை. ‘இப்போது’ என்னும் ‘அஓரா’விலிருந்து வந்தது. ‘அஓரீத்தா வருகிறேன்’ என்று அம்மா அனுப்பினால் உடனே வரலாம், ஒரு மணி நேரம் கழித்தும் வரலாம்.

பெயர்களுக்கும் இந்த விகுதி உண்டு. கார்லோஸ் வீட்டில் ‘கார்லீத்தோஸ்’. அன்றாடம் அப்படியே அழைக்கும் அம்மா, ஒருநாள் ‘கார்லோஸ்’ என்று தொடங்கி, குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதினால், மேற்கொண்டு படிக்காமலே பையனுக்கு விஷயம் புரிந்துவிடும்: அம்மா கோபமாக இருக்கிறாள்.