பட்டைக்குப் பின் கோடு: அசையும் வரைபடத்துக்கு ப்ராம்ப்ட் எழுதும் முறை

அசையும் தகவல் வரைபடத்துக்கான ப்ராம்ப்ட், அடிப்படையில் ஒரு கால அட்டவணை. எது முதலில் எழும்ப வேண்டும், எது அதுவரை காத்திருக்க வேண்டும், எந்த நொடியில் எல்லாம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதை அது சொல்ல வேண்டும். ‘அழகாக, வரிசையாக வளரட்டும்’ என்று எழுதினால் ஏஐ கருவி பட்டை, கோடு, சின்னம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். பார்ப்பவரின் கண் எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் அலையும்.

எழுதும் முன் கருவியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காட்சியை நேரடியாக வீடியோவாக உருவாக்கும் கருவிகள் பட்டையின் உயரத்தைக் கணக்கிட்டு வரைவதில்லை. பட்டை போன்ற ஒன்றைத் தீட்டுகின்றன. எண்கள் நடுவில் உருமாறுவதும் தமிழ் எழுத்துகள் சிதைவதும் அங்கே சகஜம். புள்ளிவிவரம் பிசகக் கூடாது என்றால், உலாவியில் ஓடும் நிரலை எழுதித் தரும் கருவியிடம் கேட்பதே சரி. நிரலில் எண் எண்ணாகவே இருக்கும்.

இந்திய மக்கள்தொகையையும் எழுத்தறிவையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1951, 1971, 1991, 2011 ஆண்டுகளில் மக்கள்தொகை சுமார் 36, 55, 85, 121 கோடி. எழுத்தறிவு சுமார் 18, 34, 52, 73 விழுக்காடு. மக்கள்தொகை பட்டையாகவும் எழுத்தறிவு அதன்மேல் ஓடும் கோடாகவும் வர வேண்டும். மக்கள் பெருகியதைக் கண்டபின்தான் அவர்களில் எத்தனை பேர் படித்தவர்கள் என்ற கேள்வி எழும். எனவே பட்டை முதலில், கோடு பிறகு. அசைவின் வரிசை இப்படிச் செய்தியிலிருந்தே பிறக்க வேண்டும். எண்களைக் கொடுத்தபின் ப்ராம்ப்ட் இவ்வாறு தொடரலாம்:

“படத்தின் அளவு 1920 × 1080. பட்டைகள் பூஜ்யத்தில் தொடங்கட்டும். ஒரு கோடிக்கு 6 பிக்சல் உயரம். கோட்டுக்கு வலப்பக்கம் 0 முதல் 100 வரை தனி அளவுகோல். முதல் நொடியில் தலைப்பு, அடிக்கோடு, ஆண்டுகள் மட்டும். 1 முதல் 5 வரை, நொடிக்கு ஒன்றாக நான்கு பட்டைகள் இடமிருந்து வலமாக, கீழிருந்து மேலாக வளரட்டும். ஒன்று முழுதும் நின்றபிறகே அடுத்தது தொடங்க வேண்டும். 5 முதல் 6 வரை பட்டைகள் வெளிர் நிறமாகட்டும். 6 முதல் 9 வரை கோடு சீரான வேகத்தில் வலப்பக்கம் நகரட்டும். ஒவ்வோர் ஆண்டையும் தொடும்போது அதன் விழுக்காடு தெரியட்டும். 9 முதல் 10 வரை கோட்டின் முனையில் ஒரு புத்தகச் சின்னம் விரியட்டும். 10 முதல் 14 வரை எதுவும் அசையக் கூடாது. துள்ளல் வேண்டாம்.”

கடைசி வாக்கியம் மிக அவசியம். துள்ளலோடு எழும்பும் பட்டை தன் உயரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும். அந்தக் கணத்தில் அது 121 கோடியை அல்ல, அதைவிடக் கூடுதலான ஒன்றைக் காட்டும், அது பொய். கடைசி நான்கு நொடி அமைதியும் தேவை. ஒவ்வொரு பாகமாக வந்ததை முழுப் படமாகச் சேர்த்துப் பார்க்க வாசகருக்கு அப்போதுதான் நேரம் கிடைக்கும். படத்தின் அடியில் ஒரு குறிப்பும் கேட்க வேண்டும்: எழுத்தறிவுக் கணக்கில் 1951, 1971 ஆண்டுகளுக்கு ஐந்து வயதுக்கு மேற்பட்டோரும், பிந்தைய இரண்டுக்கும் ஏழு வயதுக்கு மேற்பட்டோரும் சேர்க்கப்பட்டுள்ளனர். இதைச் சொல்லாவிட்டால் ஒரே அளவுகோலால் அளந்ததாகத் தோன்றும்.

அடிக்கடி நேரும் கோளாறு, பட்டை மேலிருந்து கீழாகத் தொங்கி வளர்வது. கணினித் திரையில் உயரம் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அளக்கப்படுவதே காரணம். நிரலில் பட்டைக்குரிய பகுதியில் இந்த இரு வரிகளையும் சேர்க்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும்:

```
transform-box: fill-box;
transform-origin: bottom;
```

வந்த படத்தை ஓடவிட்டு ரசிப்பது சோதனை ஆகாது. 3, 5, 8, 12 ஆகிய நொடிகளில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மூன்றாம் நொடியில் சரியாக இரண்டு பட்டைகள் முழுதாக நிற்க வேண்டும். ஐந்தில் நான்காம் பட்டை 726 பிக்சல், முதல் பட்டை 216 பிக்சல் இருக்க வேண்டும். எட்டில் கோடு 1991-ஐத் தொட்டிருக்க வேண்டும். பிழை தெரிந்தால் முழு ப்ராம்ப்டையும் மாற்றி எழுதத் தேவையில்லை. “கோடு 5-ஆம் நொடியிலேயே தொடங்குகிறது, 6-இல் தொடங்கட்டும், மற்ற எதையும் மாற்ற வேண்டாம்” என்று பிழையையும் நொடியையும் மட்டும் சொன்னால், சரியாக வந்த பகுதிகள் கலையாமல் தப்பும்.