லைன்மேன் வெளியூர் போயிருக்கிறார்

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றை மறுபடி நட்டு நிறுத்த மற்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மின்வாரிய ஊழியர்கள் வந்திறங்கினார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அப்படி வந்த பதினோரு பேர் தங்கியிருந்தார்கள். எல்லோரும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். எட்டாம் நாள் இரவு அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன்.

ஒன்பது மீட்டர் கம்பத்துக்கு ஒன்றரை மீட்டர் ஆழத்தில் குழி எடுக்க வேண்டும். சேற்றில் லாரி வராத இடங்களுக்குக் கம்பத்தைத் தோளில்தான் தூக்கிப் போக வேண்டும். ஒரு வாரமாக அதுதான் வேலை. சாப்பிட்டு முடித்து வகுப்பறைத் தரையில் படுத்தவர்கள் யாரும் பேசவில்லை. ஊரில் பாதிக்கு விளக்கு எரிந்துவிட்டது. அவர்கள் படுத்திருந்த அறையில் மட்டும் ஒரு மெழுகுவத்தி. அதுவும் அணைந்தது.

இருட்டில் ஓர் இளம் குரல் கேட்டது. "ஏனுங்ண்ணா, ஈ.பி. ஆபீசுக்கு ஒரு போனப் போட்டு கம்ப்ளைன்ட் குடுக்கலாமுங்ளா?"

மூலையிலிருந்து பெரியவர் ஒருவர் பதில் சொன்னார். "போட்டாச்சு கண்ணு. லைன்மேனு வெளியூரு போயிட்டானாமா."

ஒரு கணம் அமைதி. பிறகு அந்த அறை வெடித்துச் சிரித்தது. ஒருவர் அடங்கினால் இன்னொருவர் தொடங்கினார். இரண்டு மூன்று நிமிடம் அது ஓயவே இல்லை. சிரிப்பு அடங்கியதும் பேச்சு தொடங்கியது. வீட்டைப் பற்றி, முதுகு வலியைப் பற்றி, அன்றைக்குக் கம்பத்தின் மேல் ஒருவருக்குக் கால் நழுவியதைப் பற்றி. அதன் பிறகு தூக்கம்.

அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் பதினோரு உடல்களுக்குள் என்ன நடந்தது? அன்றிலிருந்து நான் தேடிப் படித்ததில் என்னை மிகவும் வியக்கவைத்தது இதுதான்.

முதலில் மௌனமாகக் கழிந்த அந்த ஒரு கணம். மூளை சும்மா இருந்து கேட்பதில்லை. அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகித்துக்கொண்டே கேட்கிறது. எதிர்பாராத சொல் வந்தால், 0.4 நொடிக்குள் மூளையின் மின் அலையில் ஒரு சரிவு தெரியும். மண்டையில் மின்முனைகளை ஒட்டி இதை அளக்க முடிகிறது. 'லைன்மேன் வெளியூர் போயிட்டான்' என்பது தமிழ்நாட்டில் யாரும் கேட்டிருக்கக்கூடிய பதில். ஆனால் இங்கே அந்த லைன்மேன் யார்? வெளியூர் என்பது எது? இந்த ஊர். போனவன்? படுத்திருக்கும் நாம்தான். புகார் கொடுப்பவனும், புகாருக்கு வர வேண்டியவனும், வராமல் போனவனும் ஒரே ஆள். மூளை ஒரே வாக்கியத்தை ஒருமுறை ஒரு பக்கமாகவும் மறுமுறை எதிர்ப்பக்கமாகவும் படித்து, இரண்டையும் பொருத்திவிட்டது. எட்டுச் சொல்கூட இல்லாத பதிலுக்கு இவ்வளவு வேலை!

ஆனால் புதிரை விடுவித்தாலும் இப்படித்தான் மூளை வேலை செய்யும். அதற்கு நாம் விழுந்து விழுந்து சிரிப்பதில்லையே? 2010-இல் பீட்டர் மெக்ரா, காலேப் வாரன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அதைத் 'தீங்கற்ற மீறல்' என்று சொல்லலாம். ஏதோ ஒன்று முறை தவறி இருக்க வேண்டும். அதே நேரத்தில் அதனால் பாதகமில்லை என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் ஒருசேர நிகழும்போதுதான் சிரிப்பு வருகிறது. ஊருக்கு வெளிச்சம் தருபவர்கள் இருட்டில் கிடப்பது முறை தவறியது. அதைச் சொன்னவரும் அந்த இருட்டிலேயே கிடப்பதால் அது பாதகமற்றதாகிவிட்டது. இதையே ஒரு மேலதிகாரி கார் சன்னல் வழியாகச் சொல்லியிருந்தால் ஒருவர்கூடச் சிரித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது உடல். பேசும்போது மூச்சைச் சிக்கனமாக, சீராகச் செலவழிக்கிறோம். சிரிக்கும்போது அந்தக் கணக்கெல்லாம் போய்விடுகிறது. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் விட்டுவிட்டு இறுகி, காற்றைத் துண்டுதுண்டாக வெளியே தள்ளுகின்றன. சிரிப்பைப் பதிவுசெய்து அளந்த ராபர்ட் ப்ரோவைன் என்ற உளவியலாளர் ஒவ்வொரு 'ஹ'வும் ஒரு நொடியில் பதின்மூன்றில் ஒரு பங்கு நேரமே நீள்கிறது என்று கண்டார். அப்படி நொடிக்கு ஐந்து. வயிறு குலுங்கச் சிரிக்கும்போது நுரையீரலிலிருந்து ஒன்றரை லிட்டர் அளவுக்குக் காற்று சட்டென்று வெளியேறுகிறது; ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் நிறையக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் நீளமாக ஒரு மூச்சை இழுக்கிறோமே, அது இதை ஈடுகட்டத்தான்.

அதோடு தசைகளும் தளர்கின்றன. 'சிரிச்சு சிரிச்சு கைகால் ஓஞ்சு போச்சு' என்கிறோம். இது வெறும் பேச்சுவழக்கு இல்லை. முழங்காலுக்குப் பின்னால் சிறு மின்துடிப்பு கொடுத்தால் கெண்டைக்கால் தசை தானாக வெட்டி இழுக்கும். ஒருவர் மனம்விட்டுச் சிரிக்கும் நேரத்தில் அதே துடிப்பைக் கொடுத்தால் அந்த இழுப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. கம்பத்தின் உச்சியில் இருக்கும்போது சிரிக்கவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரமாக முறுக்கேறிக் கிடந்த தோளுக்கும் முதுகுக்கும், தரையில் படுத்திருக்கும் அந்த இரவில், இந்தத் தளர்ச்சி பெரிய கொடை.

இப்போது வலிக்கு வருவோம். இங்கிலாந்தின் ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வை என்னால் மறக்க முடியவில்லை. ஒயின் பாட்டிலைக் குளிரவைக்க உறைநிலையில் வைத்து எடுக்கும் உறையை ஆட்களின் கையில் மாட்டி, எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். பிறகு சிலருக்கு நகைச்சுவைப் படமும் சிலருக்குச் சிரிப்பூட்டாத படமும் காட்டி, மறுபடி அதே சோதனையைச் செய்தார்கள். சேர்ந்து சிரித்தவர்களின் வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. மனம் மகிழ்ச்சியாக இருந்தால் மட்டும் அது கூடவில்லை. வாய்விட்டுச் சிரித்தால்தான் கூடியது.

காரணம் எண்டார்பின் என்று டன்பார் ஊகித்தார். அது மூளை தானே சுரந்துகொள்ளும் வலிநீக்கி. வேலை செய்யும் விதத்தில் மார்பினுக்கு உறவு. பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் 2017-இல் அதை நேராகவே பார்த்தார்கள். பன்னிரண்டு ஆண்கள், நெருங்கிய நண்பர்களோடு அரைமணி நேரம் நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துச் சிரித்தார்கள். பின்னர் அவர்களுடைய மூளையைப் படமெடுத்தபோது எண்டார்பின் சுரந்திருப்பது தெரிந்தது. தனியறையில் சும்மா உட்கார்ந்திருந்த நாளில் அது அந்த அளவுக்கு இல்லை.

நண்பர்களோடு என்பது இங்கே முக்கியம். தனியாக இருக்கும்போதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது நாம் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பது ப்ரோவைனின் கணக்கு. அந்த வகுப்பறையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. சத்தமே போதுமாக இருந்தது. பின்னர் அவர்கள் மனம்விட்டுப் பேசினார்களே, அதற்கும் ஓர் ஆய்வு உண்டு. முன்பின் தெரியாத சிலர் சேர்ந்து சிரித்த பிறகு, தங்களைப் பற்றி வழக்கத்தைவிட அந்தரங்கமான செய்திகளைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்படிப் பகிர்கிறோம் என்பதையே அவர்கள் உணரவில்லை. கால் நழுவிய கதையைச் சொன்னவர் அதைப் பகல் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகுதான் அறிந்தேன்.

எல்லா நகைச்சுவைக்கும் இந்தப் பலன் இல்லை. தொல்காப்பியம் சிரிப்புக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் எள்ளலும் ஒன்று. அந்தப் பதினோரு பேரின் குழுவிலேயே, அதற்கு முன்பு ஓர் இரவு, உயரத்துக்குப் பயந்த உதவியாளர் ஒருவரைப் போல இன்னொருவர் நடித்துக் காட்டினாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பையன் மட்டும் பாயை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டான். ஆந்திரியா சாம்சன், ஜேம்ஸ் கிராஸ் என்ற இருவர் 2012-இல் இந்த வேறுபாட்டை அளந்தார்கள். மனத்தைச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டி, அவற்றைப் பற்றி வேடிக்கையாக ஏதாவது சொல்லச் சொன்னார்கள். பரிவோடு, நிலைமையைப் புதிய கோணத்தில் பார்த்து வேடிக்கை சொன்னவர்களின் சங்கடம் நன்றாகக் குறைந்தது. ஏளனம் செய்தவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: பேச்சு யாரைப் பற்றியதோ அவர் சிரிக்கிறாரா என்று பாருங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். 2012 அக்டோபரில் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலைப் பற்றிய சில வேடிக்கை வரிகளை, வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு ஆட்களிடம் காட்டி ஆராய்ந்தார்கள். புயலுக்குப் பின் இரண்டு வாரம்வரை அவை கசந்தன. 36-ஆம் நாள் வாக்கில் மிக வேடிக்கையாகத் தோன்றின. 99-ஆம் நாளில் சப்பென்று ஆகிவிட்டன. காயம் பச்சையாக இருந்தாலும் சிரிப்பு வராது. முழுக்க ஆறிவிட்டாலும் வராது. வெளியூர்க்காரர்களான அந்தப் பதினோரு பேருக்கு எட்டாம் நாளே சிரிக்க முடிந்தது. எங்கள் ஊரில் ஒரே இரவில் தென்னந்தோப்பை இழந்தவருக்கு, புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டியவருக்கு, எட்டாம் நாள் எப்படிச் சிரிப்பு வரும்? அந்த ஊழியர்களுக்கும் இது தெரிந்திருந்தது. மறுநாள் டீக்கடையில் அந்த வேடிக்கையை யாரும் எடுக்கவில்லை.

சிரிப்பின் எல்லையையும் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பி நெருக்கடியில் கார்டிசால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் கலக்கிறது. சிரிப்பு அதைக் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சில பத்துப் பேரை வைத்துச் செய்தவை. எனக்கு அதிகம் பயன்பட்டது பாசல் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு. 41 மாணவர்களைக் கைப்பேசி வழியாக இரண்டு வாரம், நாளுக்கு எட்டு முறை, சிரித்தீர்களா, நெருக்கடி வந்ததா என்று கேட்டார்கள். அடிக்கடி சிரித்தவர்களை நெருக்கடி குறைவாகவே பாதித்தது. எவ்வளவு பலமாகச் சிரித்தார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. அப்படியென்றால், வாரக் கடைசியில் ஒரு பெரிய கேளிக்கையைவிட நடுநடுவே வரும் சின்னச் சிரிப்புகளே மேல் என்பது என் முடிவு. அதுவும் தூக்கத்துக்கும் கூடுதல் ஆளுக்கும் ஈடாகாது.

மறுநாள் மாலை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மின்சாரம் வந்தது. அதற்குள் அந்தப் பதினோரு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்கள் தங்கிய சத்திரத்திலும் அன்றிரவு விளக்கு இல்லை.