பன்னிரண்டாயிரம் சுழியங்களை எண்ணுவது எப்படி?

ஒரு கணினி இன்னொன்றுக்கு 1,500 பைட் அனுப்புகிறது. அத்தனையும் சுழியம், அதாவது 12,000 பிட். சுழியத்துக்குத் தாழ்ந்த மின்னழுத்தம் என்று மட்டும் வைத்துக்கொண்டால், கம்பியில் எந்த அசைவும் இருக்காது. எத்தனை சுழியம் வந்தது என்பதைப் பெறும் கணினி தன் கடிகாரத்தை நம்பித்தான் எண்ண வேண்டும்.

எந்த இரண்டு கடிகாரமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக ஓடுவதில்லை. பழைய 10 மெகாபிட் ஈதர்நெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் 0.01 சதவீதப் பிழை அனுமதி உண்டு. ஒன்று அந்த அளவுக்கு முந்தி, மற்றது பிந்தினால் 12,000 பிட்டில் இரண்டுக்கு மேல் பிசகிவிடும். அதன்பின் வரும் ஒவ்வொரு பிட்டும் இடம் மாறித்தான் வாசிக்கப்படும்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆரம்பகாலக் கணினி ஆய்விலிருந்து பிறந்த குறிமுறை, கடிகாரத்தையே தகவலுக்குள் வைத்து அனுப்புகிறது. 100 நானோநொடி நீளும் ஒவ்வொரு பிட்டின் நட்டநடுவிலும் மின்னழுத்தம் மாறியே தீரும். தாழ்விலிருந்து ஏறினால் 1, உச்சியிலிருந்து இறங்கினால் 0. ஆயிரக்கணக்கில் சுழியம் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இறக்கம் உண்டு. பெறுபவர் அதைப் பிடித்துக்கொண்டு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுழியத்தை அடுத்துச் சுழியம் வந்தால், மறுபடி இறங்குவதற்காக எல்லையிலும் ஒருமுறை ஏற வேண்டும். நடுவில் வரும் இறக்கம் எது, எல்லையில் வரும் ஏற்றம் எது? அரை பிட் தள்ளிப் பார்த்தால் சுழிய வரிசை அப்படியே ஒன்றுகளின் வரிசையாகத் தெரியும்! அதனால்தான் ஈதர்நெட் ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் 1010 என்று மாறி மாறி வரும் பிட்களை அனுப்புகிறது. 1-க்குப் பின் 0 வரும்போது எல்லையில் மாற்றமே தேவையில்லை. தெரிகிற மாற்றமெல்லாம் பிட்டின் நடுதான். பெறுபவர் அங்கே காலூன்றிக்கொள்கிறார். 64 பிட் நீளும் இந்த முன்னோட்டம் 11 என்று முடிந்ததும் உண்மையான தகவல் தொடங்குகிறது.

அலைக்காட்டியில் பார்த்தால் தகவல் ஓடும்போது 50, 100 நானோநொடி என்று இரண்டே அகலங்கள்தான் தெரியும். நடுவே அதைவிட நீண்ட சமதளம் தென்பட்டால், எங்கோ ஒரு மாற்றம் தொலைந்துவிட்டது.

இந்த நிம்மதிக்கு விலை அதிகம். ஒரு பிட்டுக்கு இரண்டு அரைத்துண்டுகள் என்பதால், 100 மெகாபிட் வேகத்துக்கு விநாடிக்கு 20 கோடி துண்டுகள் தேவைப்படும். ஆகவே அந்த வேகத்து ஒளியிழை ஈதர்நெட், நான்கு பிட்டை ஐந்தாக மாற்றி அனுப்பும் முறைக்குப் போனது. இங்கே 1 என்றால் ஒளி நிலைமாறும், 0 என்றால் அப்படியே நிற்கும். கிடைக்கும் 32 ஐம்பிட் வடிவங்களில், எப்படிச் சேர்த்தாலும் மூன்று சுழியத்துக்கு மேல் தொடராதவற்றையே தகவலுக்கு எடுத்துக்கொண்டார்கள். வேகம் விநாடிக்கு 12.5 கோடியோடு நின்றது.

இந்த முறையில் 0000 என்பது 11110 ஆகிறது. அதே 12,000 சுழியங்கள் இப்போது 15,000 துடிப்புகளாகப் போகின்றன. அவற்றில் ஐந்துக்கு நான்கில் ஒளி நிலைமாறுகிறது.